ஒரு மூட்டை பட்டி இரண்டு சுவருக்குள் தீர்ந்துவிட்டது: இன்னும் எவ்வளவு வாங்க வேண்டும்?

தாமுவே வீட்டுக்காரன்: புதிதாகப் பூசிய 12க்கு 14 அறைக்கு 40 கிலோ பட்டி ஒரு மூட்டை போதும் என்று மூட்டையில் அச்சிட்ட கணக்கைப் பார்த்து வாங்கினேன். இரண்டு சுவரோடு தீர்ந்துவிட்டது. சுவர் அதிகமாக உறிஞ்சுகிறதா? பிரைமர் எத்தனை லிட்டர்? கொத்தனார் நாளை காலை வருகிறார், அவசரம்.

ரங்கூன் பெரியவர்: உயரம், கூரை, எத்தனை கை, எந்தப் பட்டி என எதுவும் எழுதாமல் லிட்டர் கேட்டால் சோதிடர்தான் பதில் சொல்ல வேண்டும், தம்பி.

தாமுவே வீட்டுக்காரன்: மன்னியுங்கள் ஐயா. உயரம் 10 அடி, கூரையும் உண்டு. வெள்ளை சிமெண்டுப் பட்டி, இதுவரை ஒரு கைதான்.

மோல்மேன் செல்வி: எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஒழுகியபோதும் பட்டி உதிர்ந்தது. நீர்க்காப்புப் பூச்சு அடியுங்கள்.

பெயிண்டர் மணி: அவர் கேட்டது ஒழுகல் அல்ல, அக்கா. முதலில் பிரைமர் அடித்திருந்தால் சுவர் இவ்வளவு குடித்திருக்காது.

பூச்சு வேலைக்காரர்: மணி சொல்வது அக்ரிலிக் பட்டிக்குப் பொருந்தும். சிமெண்டுப் பட்டிக்குச் சுவரை நனைத்து, ஈரம் மினுங்காத பதத்தில் இழுப்பதே முறை. மேலும், உறிஞ்சும் சுவர் குடிப்பது தண்ணீரையும் பிரைமரையும்தான். பட்டி மாவை அல்ல. காய்ந்த சுவரில் இழுத்திருந்தால் பட்டி விரலில் மாவாக ஒட்டும், ஆனால் மூட்டை சீக்கிரம் தீராது. சன்னல் போக 245 சதுர அடிக்கு ஒரே கையில் 40 கிலோ என்றால் ஏறத்தாழ ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம் போயிருக்கிறது. இரண்டு கையும் சேர்ந்தே ஒன்றரைக்குள் நிற்க வேண்டியது. ஆறடி மட்டப்பலகையைச் சுவரில் சாய்த்து, பின்னாலிருந்து விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒளி கசியும் இடமெல்லாம் பள்ளம். மீதிச் சுவர்களின் பள்ளங்களை நைஸ் மணல் சிமெண்டுக் கலவையால் அடைத்து, அது இறுகிய பிறகு பட்டி இழுங்கள்.

அப்படிச் செய்தால், முடிந்த சுவர்களின் இரண்டாம் கைக்குப் பத்து கிலோ. மீதிச் சுவரும் கூரையும் 391 சதுர அடி, கிலோவுக்கு 12 என்று இரண்டு கைக்கு 33 கிலோ. ஆக, இன்னொரு மூட்டையும் ஐந்து கிலோ பையும். உப்புத்தாள் போட்டுத் தூசி துடைத்த பட்டியின் மேல் பிரைமர் ஒரு கைக்கு ஆறு லிட்டர். திட்டுத் திட்டாக உறிஞ்சினால் அங்கே மட்டும் இன்னொரு கை.

பெயிண்டர் மணி: பதினைந்து வருடமாகச் சிமெண்டுப் பட்டிக்கும் பிரைமர் அடித்துத்தான் இழுக்கிறேன், ஒன்றும் உரிந்ததில்லை.

ரங்கூன் பெரியவர்: உரியாதது உங்கள் அதிர்ஷ்டம். பூசி எத்தனை நாள் ஆயிற்று என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. 28 நாள் ஆகாத சுவரில் இந்த வாதமே வீண்.

தாமுவே வீட்டுக்காரன்: பலகை வைத்தேன். சன்னலுக்குக் கீழே விரல் நுழைகிறது. பூசி மூன்று வாரம்தான். கொத்தனாரை நாளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.