ஒரே வேலைக்கு இரண்டு பில் போய்விட்டது: உங்களுக்கு நடந்திருக்கிறதா?

கேமரா சர்வீஸ், திருப்பூர்
என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு பனியன் கம்பெனிக்கு மாதாமாதம் கேமரா பராமரிப்பு. 3-ம் தேதி பில் 118 அனுப்பினேன், 47,200 ரூபாய். 6-ம் தேதி கடைப்பையன் அது போகவில்லை என்று நினைத்து அதே வேலைக்கு 121 போட்டு அனுப்பிவிட்டான். தெரிந்ததும் பதறிப்போய், "தவறுக்கு மன்னிக்கவும், பழைய பில்லை விட்டுவிடவும்" என்று மெயில் தட்டினேன்.

அவர்கள் கணக்கர் அம்மா போன் செய்தார். "சார், பழையது எது? முதலில் வந்ததா, தப்பா வந்ததா?" இரண்டையும் நிறுத்தி வைத்துவிட்டாராம். அதன் பிறகு இப்படி எழுதினேன்:

> பொருள்: பில் 121 ரத்து, பில் 118-க்கு மட்டும் பணம் அனுப்பவும்
>
> ஐயா, ஜனவரி பராமரிப்புக்கு எங்கள் தவறால் 118, 121 என இரண்டு பில் வந்துவிட்டன. மன்னிக்கவும்.
>
> செலுத்த வேண்டியது: பில் 118, 3-ம் தேதி, ரூ.40,000 + ஜிஎஸ்டி ரூ.7,200 = ரூ.47,200. டிடிஎஸ் பிடித்தால் இந்த ஒரு பில்லுக்கு மட்டும். கெடு தேதியும் வங்கிக் கணக்கும் மாறவில்லை.
>
> பில் 121-க்கு எதுவும் செலுத்த வேண்டாம், கணக்கிலும் ஏற்ற வேண்டாம். ஏற்கனவே அனுப்பியிருந்தால் தெரிவிக்கவும்; திருப்பி அனுப்புகிறோம்.

அன்று மாலையே 118 பாஸ் ஆனது.

பேக்கிங் அட்டை
கடிதம் மட்டும் போதாதுங்க. கிரெடிட் நோட் கட்டாயம் போடணும், இல்லாட்டி 121-க்கும் வரி கட்டணும்.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்
அந்த மாத ஜிஎஸ்டிஆர்-1 ஏற்றிய பிறகென்றால் நீங்கள் சொல்வது சரி. இவர் இன்னும் ஏற்றவில்லை, அடுத்த மாதம் 11-ம் தேதி வரை நேரம் இருக்கிறது. 121-ஐ விற்பனையில் காட்டாமல், ஆவண எண்கள் கேட்கும் 13-வது அட்டவணையில் ரத்து என்று ஒன்று சேர்த்தால் போதும். எண்ணை மட்டும் வேறு ஆளுக்குத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். இ-இன்வாய்ஸ் போடும் கம்பெனி என்றால் கதை வேறு, 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும்.

ஏற்றிய பிறகு தெரிந்தால் கடிதத்தில் கிரெடிட் நோட் எண்ணையும் எழுதுங்கள். வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் இரண்டு பில்லும் நிற்கும். அவர் இரண்டுக்கும் வரி வரவு எடுத்துவிட்டால் பிறகு திருப்ப வேண்டியிருக்கும்.

மாவு மில் அக்கா
எனக்கும் இரண்டு பில் வந்துச்சு தம்பி, கரண்ட் பில்! கட்டின பிறகும் மெசேஜ்.

கேமரா சர்வீஸ், திருப்பூர்
அக்கா, அது வேற கதை, நினைவூட்டலா இருக்கும்!

பிரிண்டிங் பிரஸ்
என் வாடிக்கையாளர் இரண்டுக்குமே பணம் போட்டுவிட்டார். திருப்பிக் கொடுப்பதா, அடுத்த பில்லில் கழிப்பதா? கேட்டால் "பார்த்துக்கலாம்" என்கிறார். மார்ச் நெருங்குகிறது, பணம் என் கணக்கில் சும்மா கிடக்கிறது.