வாடகை ஆட்டோ: நாளுக்கு 750 நிற்கிறது, மாதக் கடைசியில் பணம் எங்கே போகிறது?

வேளச்சேரி_சவாரி
சென்னையில் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுகிறேன். நாள் வசூல் 1,500, வாடகை 400, கேஸ் 350. 750 கையில் நிற்க வேண்டும். மாதத்துக்கு 20,000 வரவேண்டிய இடத்தில் பாதிதான் இருக்கிறது. நான் குடிப்பதும் இல்லை. எங்கே ஓட்டை? அவசரம், வீட்டு வாடகை கட்ட வேண்டும்.

மூன்றுசக்கரம்
எந்த கேஸ்? எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள்? வண்டி பட்டறையில் நிற்கும் நாளுக்கும் வாடகை உண்டா?

கிட்_மெக்கானிக்
கேஸ் கிட்டில்தான் கோளாறு. ரெகுலேட்டர் டயாபிரம் தேய்ந்தால் வண்டி கேஸைக் குடிக்கும். முதலில் அதை மாற்றுங்கள்.

பழைய_பர்மிட்
இதே கேள்விக்கு எத்தனை முறைதான் பதில் எழுதுவது? 1,500 என்பது நல்ல நாளின் வசூல். மனது அதைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும். நோட்டுப் போட்டு எழுதாதவருக்குக் கணக்கு சொல்லி என்ன பயன்?

வேளச்சேரி_சவாரி
நோட்டு இருக்கிறது அண்ணா, கூட்டித்தான் பார்த்ததில்லை. எல்பிஜி. காலை 7 முதல் இரவு 8 வரை. போன மாதம் 26 நாள் ஓட்டினேன், மொத்த வசூல் 32,500. கிளட்ச் கேபிளும் பிரேக் ஷூவும் போய் 2 நாள் பட்டறை. அந்த நாள்களுக்கும் முதலாளி வாடகை வாங்கிக்கொண்டார். அந்த வேலைக்கும் பஞ்சருக்கும் சேர்த்து 1,300 என் பணம். செயலிக்கு நாளுக்கு 25.

ஈஎம்ஐ_ராஜா
வாடகைக்கு ஓட்டினால் இப்படித்தான். நான் கடனில் சொந்த வண்டி எடுத்துவிட்டேன். முன்பணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

மூன்றுசக்கரம்
ராஜா, அவர் வண்டி வாங்கக் கேட்கவில்லை.

தம்பி, 32,500-ஐ 26-ஆல் வகுத்தால் 1,250. முதல் ஓட்டை அதுதான். வாடகை 28 நாளுக்கு 11,200. கேஸ் 9,100. மிச்சம் 12,200. அதில் பழுது 1,300, செயலி 650 போனால் 10,250. ஓட்டிய நாளுக்கு 394. 13 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 30 ரூபாய். சாப்பாடும் தேநீரும் இதற்குள்ளேதான்.

இனி ஒன்று பாருங்கள். காலையில் கிலோமீட்டரைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு சவாரியின் தூரத்தையும் எழுதுங்கள்.

வேளச்சேரி_சவாரி
நேற்று குறித்தேன். மொத்தம் 118. சவாரி 70 மட்டும்.

மூன்றுசக்கரம்
அப்படியானால் 48 கிலோமீட்டர் காலி ஓட்டம். 118-க்கு 350 என்றால் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 3 ரூபாய், காலிக்கு மட்டும் 144. அது பெரும்பாலும் எந்த நேரத்தில்?

வேளச்சேரி_சவாரி
பகல் 11 முதல் 4 வரை. நின்றால் வாடகை ஏறுகிறதே என்று சுற்றுவேன். அந்த 5 மணி நேரத்தில் 200 கிடைத்தால் அதிகம்.

மூன்றுசக்கரம்
வாடகை நீங்கள் நின்றாலும் 400, சுற்றினாலும் 400. சுற்றுவதால் கூடுவது கேஸும் டயர் தேய்மானமும்தான். மதியம் ஸ்டாண்டில் நிழல் பார்த்து நில்லுங்கள். அழைப்பு வந்தாலும், ஏற்றப் போகும் தூரத்தைப் பார்த்த பிறகே எடுங்கள்.

கிட்_மெக்கானிக்
கேஸ் கசிவைச் சோதிக்காமல் எப்படிச் சொல்கிறீர்கள்? பங்கில் 80 சதவீதத்தில் வால்வு தானே அடைக்கும்வரை நிரப்பி, ஒரு நாள் ஓட்டிவிட்டு, அதே பங்கில் மறுபடி அதேபோல நிரப்பட்டும். எத்தனை லிட்டர் ஏறியது என்று தெரியும்.

மூன்றுசக்கரம்
நல்ல யோசனை, செய்யட்டும். ஆனால் கசிவு இருந்தாலும் அந்த 48 குறையாது.

பழைய_பர்மிட்
எல்லாம் ஓட்டுநர் தப்பு என்பது போலப் பேசுகிறீர்கள். 2013-இல் அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25, பிறகு கிலோமீட்டருக்கு 12. மூன்று கிலோமீட்டர் சவாரிக்கு 40 ரூபாய்கூட முழுதாக வராது.

அடையாறு_பயணி
அதை யார் வாங்குகிறார்கள்? அந்த தூரத்துக்கு என்னிடம் 100 கேட்கிறார்கள்.

பழைய_பர்மிட்
கேட்காமல் என்ன செய்வது? அதே அறிவிப்பில் காத்திருப்புக் கட்டணம் 5 நிமிடத்துக்கு 3.50, அதாவது மணிக்கு 42. தம்பி நாள் முழுக்க ஓட்டி மணிக்கு 30 எடுக்கிறார்! அணைத்துவிட்டு நிற்கும் வண்டிக்கு அரசு போட்ட விலை அதைவிட அதிகம்.

அடையாறு_பயணி
அதற்காக மீட்டரே போடாமல் இருப்பது என்ன நியாயம்? மழை பெய்தால் பேச்சே வேறு.

மூன்றுசக்கரம்
அந்தச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. தம்பி, முதலாளியிடம் ஒன்று மட்டும் பேசுங்கள். பஞ்சர், பல்பு போன்ற சில்லறை வேலை ஓட்டுபவர் தலையில் விழுவது பல இடங்களில் வழக்கம். பட்டறையில் நிற்கும் நாளுக்கு முழு வாடகை வாங்குவதைத்தான் நானும் சகித்ததில்லை.

ஈஎம்ஐ_ராஜா
அதற்குத்தான் சொந்த வண்டி என்றேன். என் வண்டி பட்டறையில் நின்றால்… சரி, தவணை நிற்பதில்லை.

வேளச்சேரி_சவாரி
ஒரு வாரம் மதியம் சுற்றாமல் நின்றேன். கேஸ் 350 இருந்தது 270 ஆனது, வசூல் 60 குறைந்தது. முதலாளி பட்டறை நாளுக்குப் பாதி வாடகை என்று சொல்லியிருக்கிறார், எழுதித் தர மாட்டாராம். சவாரி வந்துவிட்டது, பிறகு எழுதுகிறேன்.

கிட்_மெக்கானிக்
கேஸ் நிரப்பிப் பார்த்தீர்களா?