கேம் கேட்ரிட்ஜ் பேட்டரி மாற்ற உதவி வேண்டும் (கீழக்கரை, ராமநாதபுரம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த சூப்பர் நின்டென்டோ கேட்ரிட்ஜ் ஒன்று கீழக்கரை வீட்டில் இருக்கிறது. அவர் விளையாடி சேவ் செய்தது இன்னும் அப்படியே திறக்கிறது. அதை இழக்க எனக்கு மனசே இல்லை.

உள்ளே CR2032 பேட்டரி. கன்சோல் ஓடும்போது சேவ் இருக்கும் எஸ்ரேம் சிப்புக்கு கன்சோலிலிருந்தே மின்சாரம் வரும். அணைத்தபின் இந்த 3 வோல்ட் பேட்டரிதான் காப்பாற்றுகிறது. மிகக் குறைவாகத்தான் இழுக்கும், அதனால்தான் இத்தனை வருஷம் தாங்கியது. மீட்டரில் இப்போது 2.6 காட்டுகிறது. சுமார் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் சேவ் அழிந்துவிடும். கடல் உப்புக் காற்றில் ஒரு முனையில் பச்சை வேறு பூத்திருக்கிறது.

பழையதைக் கழற்றிய கணமே சேவ் போய்விடும். ஆகவே முதலில் கேட்ரிட்ஜ் ரீடரில் சேவ் கோப்பைக் கணினிக்கு எடுத்து, பேட்டரியை மாற்றி, திரும்ப எழுத வேண்டும். ராமநாதபுரம், பரமக்குடி பக்கம் யாரிடமாவது அந்த ரீடர் இருக்கிறதா? தகடு வெல்டிங் செய்த CR2032 எங்கே கிடைக்கும்? வெறும் பேட்டரியில் நேரடியாக ஈயம் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும், அதனால் தகடு உள்ளதுதான் வேண்டும். நானே நேரில் கொண்டுவருகிறேன்.