யூடியூப் லைவில் ஒரே புடவையை மூன்று பேர் புக் செய்கிறார்கள், பணமும் கணக்கில் இடிக்கிறது: எப்படிச் சமாளிப்பது?

மலர்_சேலம் (கேள்வி)

இளம்பிள்ளையில் எடுக்கும் சாஃப்ட் சில்க், காட்டன் புடவைகளை வாரம் இரண்டு இரவு எட்டு மணிக்கு யூடியூப் லைவில் காட்டி விற்கிறேன். ஒரு லைவுக்கு 60 புடவை வைப்பேன். பாதிக்கு மேல் ஒரே பீஸ்தான், அதே டிசைன் அதே கலரில் இரண்டாவது கிடையாது.

பிடித்த புடவையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பைத் தங்கை பார்த்துக்கொள்கிறாள். ஒரு புடவைக்கு மூன்று, நான்கு பேர் அனுப்பிவிடுகிறார்கள். யார் முதலில் என்று அவளால் சொல்ல முடியவில்லை. "நான்தான் முதலில் அனுப்பினேன்" என்று சண்டை வருகிறது. சரி என்று ஒருவருக்குக் கொடுத்தால் அவர் பணம் போடாமல் இருந்துவிடுகிறார், மற்றவர்கள் அதற்குள் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இன்னொன்று, பணம். ஜிபே ஸ்கிரீன்ஷாட் வருகிறது, ஆனால் எந்தப் பணம் எந்தப் புடவைக்கு என்று பிடிக்க நள்ளிரவு தாண்டிவிடுகிறது. 850 ரூபாய் புடவை நிறைய இருப்பதால் ஒரே தொகை பத்து தடவை வந்து நிற்கிறது. அனுப்பியவர் பெயரும் வாட்ஸ்அப் பெயரும் ஒன்றாக இருப்பதில்லை, பாதி பேர் கணவர் போனில் இருந்து போடுகிறார்கள். லைவ் விற்பனை செய்கிறவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டுடியோ_செந்தில்

லைவுக்கு ரிங் லைட் மட்டும் வைக்காதீர்கள் சகோதரி, புடவையின் ஜரிகை வெள்ளையாகத் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே நிற விளக்கு வையுங்கள், போனில் வெளிச்சத்தை லாக் செய்துவிட்டு ஆரம்பியுங்கள். கலர் மாறித் தெரிந்தால்தான் ரிட்டர்ன் வரும்.

மலர்_சேலம்

நன்றி அண்ணா, ஆனால் கலர் பிரச்சினை இல்லை. யாருக்குப் புடவை என்பதில்தான் குழப்பம்.

ஈரோடு_டிரெண்ட்ஸ்

இதில் குழம்ப என்ன இருக்கிறது? பணம் யார் முதலில் போடுகிறாரோ அவருக்கே புடவை. புக்கிங்கே வேண்டாம். நான் லைவிலேயே க்யூஆர் கோடு காட்டிவிடுவேன். பணம் வந்தால் எடுத்து வைப்பேன், வராவிட்டால் அடுத்த புடவை. போட மாட்டேன் என்கிற தொல்லையே இல்லை.

ஜவுளி_அக்கா

ஈரோடு தம்பி சொல்வது பத்து பீஸ், இருபது பீஸ் இருக்கிற சரக்குக்குச் சரி. ஒரே பீஸுக்கு ஒரே நிமிடத்தில் மூன்று பேர் பணம் போட்டால் இரண்டு பேருக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், அதற்கு ஒரு கணக்கு. அது மட்டுமில்லை, ஒருவர் மூன்று புடவை எடுத்தால் கூரியர் ஒரே பார்சலாகப் போகும். புடவைக்குப் புடவை பணம் வாங்கினால் மூன்று கூரியர் காசா என்று கேட்பார்கள், கடைசியில் அதையும் கழித்துத் திருப்ப வேண்டும்.

மலர், உங்கள் சண்டைக்குக் காரணம் வாட்ஸ்அப் அடுக்கும் விதம். அதில் கடைசியாக மெசேஜ் அனுப்பியவர்தான் மேலே வருவார். முதலில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டுப் பொறுமையாக இருப்பவர் கீழே போய்விடுவார். "அக்கா பாருங்க", "இருக்கா?" என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறவர் உச்சியிலேயே நிற்பார். உங்கள் தங்கை மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தால் நச்சரிப்பவருக்கே புடவை போகும். நேரத்தைப் பார்க்கலாம் என்றால் அதில் நிமிடம் மட்டும்தான் தெரியும். 8:42-க்கு மூன்று பேர் என்றால் யார் முதல் என்று சொல்ல வழியில்லை.

அதனால் புக்கிங்கை வாட்ஸ்அப்பில் இருந்து எடுத்துவிட்டு லைவ் சாட்டுக்குக் கொண்டு போங்கள். அங்கே எல்லாருடைய கமெண்டும் ஒரே வரிசையில் விழும். அதற்கு ஒவ்வொரு புடவைக்கும் எண் வேண்டும். முந்தின நாளே புடவையை விரித்து வெளிச்சத்தில் பிடித்து இழை அறுந்திருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, எண் எழுதிய அட்டையை சேஃப்டி பின்னால் குத்துங்கள். எண் பெரிதாக இருக்கட்டும், வாயால் மட்டும் சொன்னால் அறுபதும் எழுபதும் ஒன்றுபோலக் கேட்கும். ஸ்டாண்டில் அதே எண் வரிசையில் மாட்டுங்கள். ஒவ்வொரு லைவுக்கும் திரும்ப ஒன்றில் இருந்து ஆரம்பிக்காதீர்கள். போன வார வீடியோவை இன்று பார்த்துவிட்டு "37 வேண்டும்" என்பார்கள், நீங்கள் இந்த வார 37-ஐ எடுத்து வைப்பீர்கள். போன லைவ் 160-ல் முடிந்தால் இது 161-ல் தொடங்கட்டும்.

நோட்டில் எண்ணுக்கு ஒரு வரி. பக்கத்தில் மூன்று கட்டம்: முதல் ஆள், இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். லைவில் "வேண்டியவர் எண்ணை மட்டும் போடுங்கள், நம்ம சாட்டில் முதலில் தெரிகிற பெயருக்கே" என்று சொல்லுங்கள், தங்கை எழுதிக்கொண்டே வரட்டும். ஒன்று மறக்காதீர்கள்: சாட்டின் மேலே `Top chat` என்று இருந்தால் யூடியூப் சில கமெண்டை வடிகட்டிவிடும். அதை `Live chat` என்று மாற்றினால்தான் எல்லாமே தெரியும்.

கிள்ளான்_குர்த்தி

மலேசியாவில் இது பழைய பழக்கம். நான் ஃபேஸ்புக் லைவில் குர்த்தி விற்கிறேன், இங்கே "37+1" என்று போட்டால் 37-ல் ஒன்று வேண்டும் என்று அர்த்தம். சைஸ் வேறு சேர்த்துப் போடுவார்கள். கமெண்டைத் தானாகப் பிடித்து பில் போட மென்பொருள்கூட உண்டு, மாதக் கட்டணம் கட்ட வேண்டும். 60 பீஸுக்கு நோட்டே போதும் என்பது என் எண்ணம்.

மலர்_சேலம்

அக்கா, ஒரு சந்தேகம். சிலருக்கு லைவ் தாமதமாகப் போகிறது. நான் அடுத்த புடவைக்குப் போன பிறகுதான் அவர்களுக்கு இது தெரிகிறது. அவர்களுக்கு எப்போதும் கிடைக்காதே?

ஜவுளி_அக்கா

உண்மைதான், அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது. கம்ப்யூட்டரில் யூடியூப் ஸ்டுடியோ வழியாக லைவ் அமைத்தால் `Ultra low-latency` என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். `Enable DVR`-ஐ அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சிலர் பின்னால் தள்ளிப் பார்த்துக்கொண்டே தாங்கள் நேரலையில் இருப்பதாக நினைப்பார்கள். தாமதத்தைக் குறைத்தால் நெட் மெதுவாக இருப்பவருக்கு வீடியோ நின்று நின்று வரும், அது இதன் விலை. போனிலேயே லைவ் போடுகிறீர்கள் என்றால் இதை விடுங்கள், எண்ணைக் காட்டிவிட்டு அரை நிமிடம் புடவையைத் திருப்பித் திருப்பிக் காட்டி நில்லுங்கள்.

இப்போது பணம். 137-ஐ மூன்று பேர் கேட்டார்கள் என்று வையுங்கள்: கோவை, திருச்சி, ஓசூர் என்ற வரிசையில். லைவ் முடிந்ததும் மூவரும் வாட்ஸ்அப்பில் முகவரி அனுப்பட்டும். கோவைக்காரருக்கு மட்டும் பில் போகிறது. புடவை 850, கூரியர் 70, மொத்தம் 920. அது அன்றைய 23-வது பில் என்றால் அவரை 920 ரூபாய் 23 பைசா போடச் சொல்லுங்கள். யுபிஐயில் பைசா போகும். பேங்க் ஸ்டேட்மென்டில் 920.23 என்று விழுந்தால் யார் போனில் இருந்து வந்தாலும் அது 23-வது பில்தான். ஒருவர் நாலு புடவை எடுத்தாலும் பில் ஒன்று, பைசாவும் ஒன்று.

காலை ஒன்பது மணி வரை கெடு. திருச்சிக்காரரிடம் இரவே "முதல் ஆள் விட்டால் உங்களுக்கு, காலையில் சொல்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கோபித்துக்கொண்டு போகாததற்கு அந்த ஒரு மெசேஜ்தான் காரணமாக இருக்கும். ஒன்பதுக்குப் பணம் இல்லையா, பில் அவருக்குப் போகட்டும், புதிய பில் எண்ணோடு.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பார்சல் கட்டாதீர்கள். பொய் ஸ்கிரீன்ஷாட் செய்யும் ஆப்களே இருக்கின்றன. நிஜ ஸ்கிரீன்ஷாட்டிலும் "ப்ராசஸிங்" என்று சின்னதாக இருப்பதைக் கவனிக்காமல் விடுவோம். உங்கள் கணக்கில் தொகை ஏறியிருக்கிறதா என்பது மட்டும்தான் பேச்சு. சந்தேகம் என்றால் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் கேட்டு ஸ்டேட்மென்டில் தேடுங்கள்.

கணக்கு_பாபு

பைசாவை யாரும் டைப் செய்ய மாட்டார்கள், 920 என்று போட்டுவிடுவார்கள். தொகை ஏற்கெனவே நிரம்பிய க்யூஆர் செய்து அனுப்பலாம். உள்ளே இப்படி ஒரு வரி இருக்க வேண்டும், ஐடியை உங்களுடையதாக மாற்றிக்கொள்ளுங்கள்:

```
upi://pay?pa=ungal-id@bank&pn=Kadai&am=920.23&cu=INR&tn=BILL23
```

ஈரோடு_டிரெண்ட்ஸ்

அந்த க்யூஆர் வாட்ஸ்அப்பில்தான் வரும், ஒரே போனை வைத்திருப்பவர் எப்படி ஸ்கேன் செய்வார்? கேலரியில் இருந்து எடுத்தால் 2000 ரூபாய்க்கு மேல் பல நேரம் போவதில்லை. பட்டுப் புடவை விற்கிறவருக்கு இது ஆகாது.

ஜவுளி_அக்கா

இரண்டு பேர் சொல்வதும் சரி. 2000-க்குக் கீழே பாபு சொன்ன க்யூஆர், மேலே என்றால் யுபிஐ ஐடியை அனுப்பிப் பைசாவோடு டைப் செய்யச் சொல்ல வேண்டும். என் அனுபவத்தில் பழைய வாடிக்கையாளர்கள் பழகிக்கொள்கிறார்கள், புதியவர்கள் பாதி பேர் பைசாவை விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் யுடிஆர் கேட்டுத் தேடினால் வேலை கொஞ்சம்தான்.

நெசவு_குமார்

இதைக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன்: பர்சனல் கணக்கிலா வாங்குகிறீர்கள்? எனக்குப் பணம் போட்ட ஒருவர் மீது எங்கேயோ சைபர் புகார் இருந்திருக்கிறது. அந்தப் பணம் வந்து விழுந்த என் கணக்கை முடக்கிவிட்டார்கள். சம்பளமும் அதில்தான் வரும். விடுவிக்க வாரக்கணக்கில் அலைந்தேன்.

ஜவுளி_அக்கா

விற்பனைக்குத் தனிக் கணக்கு வைப்பதுதான் நல்லது, வீட்டுச் செலவுப் பணம் அதில் இருக்கக் கூடாது. அதனால் முடக்கமே வராது என்று சொல்லவில்லை, வந்தாலும் வீட்டுக்கு அரிசி வாங்கலாம். ஒவ்வொரு பில்லோடும் முகவரி மெசேஜ், கூரியர் ரசீது இரண்டையும் எடுத்து வையுங்கள். வங்கி, இது என்ன பணம் என்று கேட்டால் காட்ட அதுதான் உண்டு.

மலர்_சேலம்

நேற்றைய லைவில் எண் அட்டையோடு போட்டேன். பதினொன்றரைக்கு பில் எல்லாம் அனுப்பியாயிற்று. சண்டை ஒன்றுதான், அதுவும் நெட் மெதுவாக இருக்கிற ஒருவர். பைசா போட்டவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

ஆனால் புதிதாக ஒன்று: சிலர் பத்து, பன்னிரண்டு எண் போட்டுவிட்டு, லைவ் முடிந்ததும் முகவரியே அனுப்புவதில்லை. சாட்டில் இருக்கும் பெயரை வைத்து அவர்களை வாட்ஸ்அப்பில் தேடவும் முடியவில்லை.

ஈரோடு_டிரெண்ட்ஸ்

அதற்குத்தான் பணம் முதலில் என்றேன்.

ஜவுளி_அக்கா

நான் ஒரு ஆளுக்கு ஐந்து எண் வரைதான் எழுதுவேன். இரண்டு லைவில் முகவரி அனுப்பாதவர் பெயர் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கும், அடுத்த முறை அவர் எண் போட்டால் தங்கை எழுதாமல் அடுத்தவருக்குப் போகட்டும். வேறு பெயரில் வந்தால் பிடிக்க எனக்கும் வழி தெரியவில்லை. கிள்ளான், உங்கள் மென்பொருளில் இதற்கு ஏதாவது இருக்கிறதா?

கிள்ளான்_குர்த்தி

கணக்கைத் தடை செய்யலாம், அவ்வளவுதான். புதுக் கணக்கில் வந்தால் அதற்கும் தெரியாது.