கரையோரக் குடிசைகள்: இடம் மாற்றுவதா, இருக்கும் இடத்திலேயே சீர்செய்வதா?

அடையாறுவாசி:
2015 சென்னை வெள்ளத்தில் ஆற்றங்கரைக் குடிசைகள் அடித்துக்கொண்டு போனதை நேரில் பார்த்தவன் நான். கரையில் ஆட்கள் குடியிருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அரசு நகரத்தின் தெற்கு எல்லையில் உள்ள பெரும்பாக்கத்தில் கழிப்பறை, சமையலறையோடு கான்கிரீட் வீடு கொடுக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு முறையும் போராட்டம் நடக்கிறது. இடமாற்றத்தை எதிர்க்கிறவர்கள் வேறு என்னதான் வழி சொல்கிறீர்கள்?

வரிகட்டுபவன்:
நானும் உங்கள் பக்கம்தான். கொடுத்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டோ, வெள்ளைத்தாளில் எழுதி விற்றுவிட்டோ திரும்பக் கூவம் கரைக்கே வந்துவிடுகிறார்கள். எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே அப்படி நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. இலவசமாகக் கிடைத்தால் அருமை தெரியாது. இருக்கும் இடத்தில் பட்டா கொடுப்பது இன்னும் மோசம். ஒரு இடத்தில் கொடுத்தால் அடுத்த ரயிலில் ஊரிலிருந்து பத்துக் குடும்பம் வந்து இறங்கும்.

மேகலை:
திரும்பி வந்த குடும்பம் எங்களுடையது. அதனால் நானே சொல்கிறேன்.

கூவம் கரையில் பிறந்தவள் நான். என் பாட்டிக்கும் அதுதான் ஊர். எங்களை நகரத்தின் தெற்கு எல்லைக்கு அனுப்பினார்கள். வீடு நல்ல வீடுதான், குறை சொல்ல மாட்டேன். அம்மா அதுவரை நுங்கம்பாக்கத்தில் நாலு வீட்டில் வேலை செய்தார். எல்லாம் நடந்து போகிற தூரம். காலையில் இரண்டு வீட்டை முடித்துவிட்டு வந்து எங்களுக்குச் சோறு போட்டுப் பள்ளிக்கு அனுப்புவார், அப்புறம் மற்ற இரண்டு வீடு. போன பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம். ஆறு மணிக்கு வாசல் தெளிக்க ஆள் வேண்டும் என்கிற வீடுகள் முதல் மாதமே வேறு ஆள் பார்த்துக்கொண்டன. மாலை வேலையும் போயிற்று, ஏனென்றால் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். நாலு வீட்டுச் சம்பளம் ஒன்றரை வீட்டுச் சம்பளமாகி, அதிலும் பஸ் காசு போயிற்று.

தம்பிக்கு அரையாண்டுத் தேர்வு நேரத்தில் பள்ளி மாறியது. ஒரு வருடம் அவன் எங்கேயுமே படிக்கவில்லை. கடைசியில் அந்த வீட்டை ஒருவருக்கு வாடகைக்கு விட்டு, இங்கே அதைவிடச் சின்ன அறைக்கு அதைவிட அதிக வாடகை கொடுத்து வந்தோம். அருமை தெரியாமல் இல்லை அண்ணா. அந்த வீட்டிலிருந்து அம்மாவால் சம்பாதிக்க முடியவில்லை.

பழைய_நில_அளவர்:
வரிகட்டுபவன் தம்பி சொல்வதில் பாதி சரி. வீடுகள் கைமாறுகின்றன, அதை யாரும் மறுக்க முடியாது. காரணத்தை மேகலை சொல்லிவிட்டார். அடுத்த ரயில் விஷயம் மட்டும் பொருந்தவில்லை. இன்று அகற்றப்படுகிற குடும்பங்களில் நிறையப் பேர் இந்த ஊரிலேயே மூன்று தலைமுறை கண்டவர்கள். நகரம் அவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்டது, அந்தக் கூலிக்குள் வாங்கக்கூடிய மனையை எங்கேயும் ஒதுக்கவில்லை. ஆற்றங்கரை, ரயில் ஓரம், கால்வாய்க் கரை என்று யாரும் விலை கேட்காத நிலம்தான் மிச்சம் இருந்தது.

அடையாறுவாசி சார் கேட்ட வேறு வழி இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. குடிசை மாற்று வாரியம் 1970ல் வந்தது, குடிசைப் பகுதிச் சட்டம் 1971ல். அப்போது கணக்கெடுத்துச் சென்னையில் 1,202 குடிசைப் பகுதிகளை அறிவித்தார்கள். முதலில் குடிசையை இடித்து அதே இடத்தில் மாடிக் குடியிருப்பு கட்டினார்கள். அதற்குச் செலவு அதிகம், கட்டும் வேகமும் போதவில்லை. 1977ல் உலக வங்கிக் கடனோடு சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் வந்தபோது முறை மாறியது. அரசு வீடு கட்ட வேண்டாம். மனையும் வசதியும் கொடுத்தால் போதும், வீட்டை அவர்களே கட்டிக்கொள்வார்கள் என்பதுதான் அந்த முறை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது அதைத்தான். சங்கிலியும் பிளேன் டேபிளும் எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு குடிசையையும் அது நிற்கிற இடத்திலேயே அளப்போம். கதவில் எண் எழுதுவோம். வரைபடம் போட்ட பிறகு எந்தச் சந்தில் வண்டி நுழையாது, எந்த இடத்தில் கழிவுநீர் தேங்கும் என்று பார்த்து, வழியை மறிக்கிற குடிசைகளை மட்டும் இரண்டடி, மூன்றடி உள்ளே தள்ளச் சொல்வோம். பாதைக்காக முழுதாக எடுக்க வேண்டிய வீடு மிகக் குறைவு, அவர்களுக்கும் அதே பகுதிக்குள் இடம். அப்புறம் தெருக்குழாய், பொதுக் கழிப்பறை, விளக்கு, வடிகால். மனைக்கு மாதத் தவணை, வீட்டைச் சீர்செய்யச் சிறு கடன். இனி யாரும் இடிக்க மாட்டார்கள் என்று உறுதியானதும் ஓலையை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தார்கள். இன்று அந்தத் தெருக்களில் போனால் அது ஒரு காலத்தில் குடிசைப் பகுதி என்று சொன்னால்தான் தெரியும்.

மாதவரத்தான்:
ஐயா, ஒரு சந்தேகம். எங்கள் வீடு நத்தத்தில் இருக்கிறது, தாத்தா காலத்து வீடு. நீங்கள் சொல்லும் திட்டத்தில் எனக்குப் பட்டா கிடைக்குமா? எங்கே மனு கொடுப்பது?

பழைய_நில_அளவர்:
தம்பி, உங்களுடையது வேறு கதை. நத்தம் என்பது ஊர்க் குடியிருப்புக்கென்றே விட்ட நிலம். தாலுகா அலுவலகத்தில் நத்தம் பதிவேட்டைப் பாருங்கள். இங்கே பேசுவது ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு பற்றி. ஆறு, கால்வாய், ஏரி, சாலை எல்லாம் அதில் வரும். எத்தனை தலைமுறை இருந்தாலும் வருவாய்த் துறை அங்கே பட்டா கொடுக்காது. நீர்நிலை என்றால் நீதிமன்ற உத்தரவுகளும் சேர்ந்துகொள்ளும்.

அடையாறுவாசி:
என் கேள்வியே அதுதான் ஐயா. நீங்கள் அளந்த பகுதிகள் நல்ல நிலத்தில் இருந்திருக்கலாம். ஆற்றின் வயிற்றிலேயே இருப்பவர்களுக்கு அந்த முறை எப்படிப் பொருந்தும்? குழாய் போட்டு விளக்குப் போட்டு அங்கேயே நிலைக்க வைத்தால் அடுத்த வெள்ளத்தில் யார் பொறுப்பு? ஒரு உயிர் போனாலும் இந்த விவாதத்துக்கு அர்த்தம் இல்லை.

பழைய_நில_அளவர்:
நியாயமான கேள்வி. வெள்ளக் கோட்டுக்குள் இருப்பவர்களை நகர்த்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தக் கோட்டை முதலில் தரையில் போடுங்கள். லெவல் கருவி வைத்து 2015 தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் இருக்கும் கறையிலிருந்தே எடுக்கலாம். அப்படி எடுத்தால் ஒரே குடியிருப்பில் முன்வரிசை ஆபத்தில் இருக்கும், பின்வரிசை அதே தெருவின் அடுக்குமாடிகள் நிற்கிற மட்டத்தில் இருக்கும். அடுக்குமாடியை யாரும் நகர்த்தச் சொல்வதில்லை. குடிசை என்பதால் மட்டும் பின்வரிசையும் சேர்ந்து போகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். குடும்பங்களை அனுப்பும் பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் எங்கே இருக்கின்றன? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. செம்மஞ்சேரி மழைக்காலத்தில் மூழ்குவது புதிய செய்தி இல்லை, 2015ல் பெரும்பாக்கத்திலும் தண்ணீர்தான். வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி வெள்ளத்துக்கே அனுப்பினோம். அங்கே நிலம் மலிவு என்பதால்தான் அங்கே கட்டினார்கள்.

வரிகட்டுபவன்:
சரி, உங்கள் 1977 முறை அவ்வளவு நல்லது என்றால் ஏன் விட்டார்கள்? அந்தப் பொதுக் கழிப்பறைகளை நானும் பார்த்திருக்கிறேன். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை. பாதி வீடுகள் கைமாறி மாடி மாடியாக எழுந்துவிட்டன. ஏழைக்குக் கொடுத்தது கடைசியில் பணக்காரனுக்குத்தானே போயிற்று?

பழைய_நில_அளவர்:
கழிப்பறை விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. பல குடும்பங்களுக்குப் பொதுவாகக் கட்டியதை யாரும் தமது என்று நினைக்கவில்லை, சுத்தம் செய்ய ஆள் போடவில்லை. வீட்டுக்கு ஒன்று வைத்து, சந்துக்குள் சிறிய குழாய் போட்டுச் சாக்கடையில் இணைத்திருக்க வேண்டும். ஆனால் கைமாறியதை வைத்துத் திட்டமே தோல்வி என்று சொல்ல மாட்டேன். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மனைப் பகுதிகளில் பெரிய மனை, சிறிய மனை கலந்தே பிரித்தார்கள். பல வருடம் கழித்து ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தபோது அவை எல்லா வருமானத்தாரும் சேர்ந்து வாழ்கிற சாதாரணப் பேட்டைகளாக இருந்தன. நல்ல விலைக்கு விற்றவனும் ஒன்றும் நட்டப்படவில்லை.

உண்மையான சிக்கல் பத்திரத்தில் இருந்தது. தவணை முழுதும் கட்டி முடித்த குடும்பங்களுக்கும் விற்பனைப் பத்திரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் நிலம் வேறு துறையின் பேரிலோ, கோயில் பேரிலோ, தனியார் பேரிலோ இருந்தது. அதை வாரியத்தின் பேருக்கு மாற்றாமலேயே மனை பிரித்துவிட்டோம். அந்தக் கோப்புகள் பல ஆண்டுகள் நகரவில்லை. 1990களில் நிலத்தின் விலை ஏறியது. எந்தத் துறையும் நகர நடுவில் நிலத்தை விடத் தயாராக இல்லை. 2000ல் நகரத்துக்கு வெளியே கண்ணகி நகர் மறுகுடியமர்வுக் குடியிருப்பு தொடங்கியது, அப்புறம் எல்லாமே அந்தத் திசையில் போயிற்று.

குடிசைப் பகுதி என்று அறிவிப்பதும் நின்றுபோனது. 1985ல் 17 பகுதிகளைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு உருவான குடியிருப்புகள் சட்டப்படி குடிசைப் பகுதியே இல்லை. அறிவிப்பு இருந்தால் முதலில் மேம்பாடு என்று 1971 சட்டத்தைக் காட்டிக் கேட்கலாம். இல்லையென்றால் வெறும் ஆக்கிரமிப்பு. 2021ல் வாரியத்தின் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். நான் கேட்பது இந்த அறிவிப்பை மறுபடி தொடங்குவதைத்தான்.

அடையாறுவாசி:
பின்வரிசை வாதத்தை ஏற்கிறேன். வெள்ளக் கோட்டுக்குள் இருப்பவர்களுக்கு நகருக்குள் இடம் எங்கே ஐயா? வெறும் நிலமே இல்லையே.

பழைய_நில_அளவர்:
வாரியத்தின் பழைய நாலு மாடிக் குடியிருப்புகள் நகர நடுவிலேயே பல இடங்களில் இருக்கின்றன. 1970களில் கட்டியவை, ஆயுள் முடிந்துவிட்டது. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் அவற்றைவிடப் புதிய வாரியக் கட்டடமே ஒன்று சரிந்தது, மக்கள் முன்பே வெளியேறியதால்தான் தப்பினார்கள். இவற்றை எப்படியும் மறுபடி கட்டுகிறார்கள். இன்னும் சில மாடி உயர்த்தினால் பழைய குடும்பங்கள் போக மிச்ச வீடுகள் கிடைக்கும். அவற்றை இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள் இருக்கும் கரையோரக் குடும்பங்களுக்கே கொடுக்கலாம். அதே ஆண்டு புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் வாரியம் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கையால் சுரண்டியதும் உதிர்ந்ததைப் பார்த்தோம். அதனால் குடியேற்றுவதற்கு முன் வெளியார் தரச் சோதனை கட்டாயம் வேண்டும்.

வரிகட்டுபவன்:
உயர உயர லிஃப்ட், மோட்டார், பராமரிப்புச் செலவு. அதை யார் கட்டுவது? மாதக் கட்டணம் கட்டாத வீடுகள் பாதி இருந்தால் லிஃப்ட் நிற்கும், ஏழாவது மாடியில் இருக்கும் பாட்டி இறங்க முடியாது. தூரம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். இதற்குப் பதில் சொல்லுங்கள்.

மேகலை:
அந்தப் பயம் எங்களுக்கும் உண்டு அண்ணா. வேலை பக்கத்தில் இருந்தால் மாதக் கட்டணம் கட்ட முடியும் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நீங்கள் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. கணக்கெடுக்க வரும்போது ஒரு கதவு எண்ணுக்கு ஒரு வீடு என்று எழுதுகிறார்கள். எங்கள் பழைய குடிசையில் நாங்கள் முன்னால், கல்யாணமான மாமா குடும்பம் பின்னால். ஒரே ஒதுக்கீடு. பக்கத்து வீட்டில் பத்து வருடமாக வாடகைக்கு இருந்தவர்களுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்காரருக்கு மட்டும் வீடு. அவர்கள் இப்போது வேறொரு கால்வாய்க் கரையில் இருக்கிறார்கள். ஐயா, உங்கள் முறையில் வாடகைக் குடும்பங்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள்?

பழைய_நில_அளவர்:
எடுக்கவில்லை அம்மா. அப்போதும் குடிசைக்குச் சொந்தக்காரர் யார் என்றுதான் எழுதினோம். வாடகைக் குடும்பத்துக்கு மனை கொடுத்தால் நாளைக்கே போலியாக வாடகைதாரர் முளைப்பார் என்று பயந்தார்கள். ஆனால் மின் இணைப்பு, ரேஷன் அட்டை, பிள்ளைகளின் பள்ளிப் பதிவு இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் உண்மையாகக் குடியிருந்தவர் யார் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். அவர்களுக்கு விற்பனை வேண்டாம், அதே பேட்டையில் அரசு வாடகை வீடு கொடுத்தாலே போதும்.

வரிகட்டுபவன்:
வாடகை வீட்டை அரசு நடத்தினால் வசூல் செய்வது யார் ஐயா? அதற்கு ஒரு வழி சொன்னால் மேலே பேசலாம்.