புதுப்பிப்பு: சக ஊழியரின் கட்டுரையில் எவ்வளவு கை வைக்கலாம்?

“திருத்திக் கொடுத்த கட்டுரையைப் பார்த்து, ‘இது என் எழுத்தே இல்லை’ என்கிறார். எங்கே நிறுத்தியிருக்க வேண்டும்?” என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன்.

பழைய மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் சொன்னபடி, என் 41 திருத்தங்களையும் காரணம் கேட்டுப் பிரித்தேன். பிழை 9, பொருள் மயக்கம் 6. மீதி 26-ம் என் ரசனை மட்டுமே! வெட்கமாக இருந்தது.

சக ஊழியர் எழுதியது: “இயந்திரம் நின்றது. யாரும் கவனிக்கவில்லை. மூன்று நாள்.” நான் அதை, “இயந்திரம் நின்றதை மூன்று நாள்களாக யாரும் கவனிக்கவில்லை” என்று ஒட்டியிருந்தேன். வாக்கியம் ஒழுங்கானது, கடைசியில் விழுந்த அடி போய்விட்டது. பழையபடியே விட்டேன்.

“எழுத்துப்பிழையை மட்டும் தொடுங்கள்” என்ற நண்பர் சொன்னது பாதி சரி. “பொறியாளர் மேலாளரிடம் பேசியதும் அவர் ஒப்புக்கொண்டார்” என்பதில் பிழையே இல்லை. ஆனால் ஒப்புக்கொண்டது யார்? நானாக மாற்றாமல் ஓரத்தில் கேள்வியாக எழுதினேன். “மேலாளர்” என்று அவரே திருத்தினார்.



ஒரு சிக்கல் தீரவில்லை. “உண்மையில்” என்ற சொல் 11 இடங்களில் வருகிறது. அவருக்கு அது நடை, எனக்கு அது பழக்கதோஷம். நான்கை எடுக்கச் சம்மதித்திருக்கிறார். எந்த நான்கு என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது.