கலைச்சொல் வேண்டல்: இரண்டு முறை வந்தாலும் ஒரு முறையே பதிவாகும் ஆர்டர்

ஆவணம் எழுதுபவர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். விற்பனைப் பிரதிநிதிகள் கடை கடையாகச் சென்று ஆர்டர் எடுக்கப் பயன்படுத்தும் கைப்பேசிச் செயலி ஒன்றின் நுட்ப ஆவணத்தைத் தமிழில் எழுதி வருகிறேன். சிக்னல் இல்லாத இடத்தில் ஆர்டர் கைப்பேசியிலேயே சேமிக்கப்படும். சிக்னல் திரும்பியதும் தானாகவே சர்வருக்குப் போய்ச் சேரும். மற்றவற்றுக்கெல்லாம் சொல் கிடைத்துவிட்டது. 'ஐடம்பொட்டன்ட்' என்பதற்கு மட்டும் கிடைக்கவில்லை.

எங்களுக்கு அந்தச் சொல் தேவைப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். தரைக்குக் கீழே இருந்த ஒரு கடையில் பிரதிநிதி 12 பெட்டிக்கு ஆர்டர் எடுத்தார். படியேறி வரும்போது சற்றே சிக்னல் கிடைக்க, செயலி ஆர்டரை அனுப்பியது. சர்வர் அதைப் பதிந்துகொண்டு பதிலும் அனுப்பியது. ஆனால் அந்தப் பதில் வந்து சேருவதற்குள் சிக்னல் போய்விட்டது. 30 விநாடி காத்திருந்த செயலி, ஆர்டர் போகவில்லை என்று கருதி மறுபடியும் அனுப்பியது.

```
10:42:07 POST /orders 201 order=5817
10:42:49 POST /orders 201 order=5818
```

கடைக்கு 24 பெட்டி போய் இறங்கியது. பிரதிநிதி பொத்தானை ஒரே முறைதான் அழுத்தியிருந்தார். ஆனாலும் முதலில் திட்டு வாங்கியவர் அவர்தான். ஒரே கோரிக்கை எத்தனை முறை வந்தாலும் ஒரு முறை வந்த அளவுக்கே விளைவு இருக்க வேண்டும் என்னும் இந்தப் பண்பைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:

வணக்கம். கைப்பேசியில் உள்ளதும் சர்வரில் உள்ளதும் ஒன்றாதல்தானே கேள்வி? 'ஒத்திசைவு' நன்கு வழக்கூன்றிய சொல். புதிதாக ஒன்று எதற்கு?

சர்வர் நிரலாளர்:

ஐயா, ஒத்திசைவு என்பது இங்கே நடக்கும் வேலையின் பெயர். கேட்கப்படுவது, அந்த வேலை பாதியில் அறுந்து மறுபடி தொடங்கும்போது கேடு விளையாமல் காக்கும் பண்பின் பெயர். மேலே உள்ள நிகழ்வில் ஒத்திசைவு குறையில்லாமல்தான் நடந்தது. இரண்டு ஆர்டரும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன, அதுதான் சிக்கல்.

மூலச் சொல்லைப் பின்பற்றினால் வழி தவறிவிடும் என்று நினைக்கிறேன். அதை 1870இல் கணிதத்துக்காக உருவாக்கியவர் பெஞ்சமின் பியர்ஸ். தன்னைத் தன்னாலேயே பெருக்கினாலும் மாறாமல் நிற்பது என்பது அதன் பொருள்; எண்களில் 0, 1 இரண்டும் அப்படிப்பட்டவை. 'அடுக்கு' என்பதை வைத்துச் சொல் ஆக்கினால் கணிதத்துக்குப் பொருந்தும், ஆர்டர் அனுப்புகிறவருக்கு எதுவும் விளங்காது. கணினித் துறையில் பொருள் விளைவின் பக்கம் நகர்ந்துவிட்டது. ஆகவே 'முடிவிலி' என்பதில் உள்ள 'இலி'யை ஒட்டி, 'மீள்விளைவிலா' என்று அடையாகவும் 'மீள்விளைவின்மை' என்று பண்பாகவும் முன்வைக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: 'ஒரே விடை தருவது' என்று யாரும் விளக்க வேண்டாம். ஓர் ஆர்டரை நீக்கச் சொல்லி இரண்டு முறை `DELETE` அனுப்பினால், முதல் முறை 204 என்றும் இரண்டாம் முறை 404 என்றும் விடை வரலாம். விடை மாறினாலும் சர்வரின் நிலை மாறவில்லை. அதனால் அதுவும் மீள்விளைவிலாச் செயல்தான்.

விநியோகப் பிரிவில் இருப்பவர்:

நீங்கள் எல்லாரும் ஒரு சிறிய விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள். ஒரே கடை, ஒரே சரக்கு, ஒரே அளவு, ஒரே நாள் என்றால் இரண்டாவதைத் தள்ளிவிட வேண்டியதுதான். 'இரட்டைத் தடுப்பு' என்றால் எவருக்கும் புரியும். எங்கள் வண்டிச் சரக்கிலும் இதே தொல்லை உண்டு. '12 குறை' என்னும் செய்தி இரண்டு முறை போய், 52 இருந்த இருப்பு 28 என்று காட்டியது. குறைக்கச் சொல்வதை விட்டுவிட்டு 'இருப்பு 40' என்றே அனுப்பத் தொடங்கிய பிறகு அந்தத் தொல்லை நின்றது.

சர்வர் நிரலாளர்:

வண்டிச் சரக்கில் நீங்கள் செய்தது, சொல் தெரியாமலே செய்த மீள்விளைவிலா வடிவம். 'இருப்பு 40' என்பதைப் பத்து முறை சொன்னாலும் இருப்பு 40தான். அந்த இருப்பை ஒருவர் மட்டுமே மாற்றும்வரை அது சரிவரும். இருவர் மாற்றினால் பின்னால் வருபவர் முன்னவர் எழுதியதை அழித்துவிடுவார்.

ஆர்டருக்கு நீங்கள் சொல்லும் வழி ஒத்துவராது. காலையில் 12 பெட்டி கேட்ட கடை, விற்றுத் தீர்ந்ததும் மாலையில் மறுபடி 12 கேட்கலாம். உண்மையான அந்த ஆர்டரை உங்கள் விதி சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இரண்டும் ஒன்றா வேறா என்பது உள்ளடக்கத்தைப் பார்த்துத் தெரிவதன்று. ஆர்டர் பிறந்தபோதே அதற்கு ஓர் அடையாளம் இடப்பட்டிருக்க வேண்டும்.

```
Idempotency-Key: 7c1f0a52-3d84-4e6b-9a10-5f2e8c47d931
```

சர்வரில் அந்த அடையாளத்துக்கு `UNIQUE` கட்டுப்பாடு இருந்தால், இரண்டாம் முறை வருவது புதிதாகப் பதிவாகாது. பழைய ஆர்டரின் எண்ணே பதிலாகப் போகும்.

தமிழாசிரியர்:

நுட்பம் எனக்கு எட்டவில்லை. சொல்லைப் பற்றி மட்டும் கூறுகிறேன். 'மீள்விளைவு' என்று கேட்டதும் எதிர்வினை என்றோ, எறிந்தது திரும்பி வருதல் என்றோதான் என் மனத்தில் தோன்றுகிறது. 'ஒருவிளைவு' என்பது சுருக்கம். 'ஒருவிளைவுச் செயல்' என்று புணர்வதும் எளிது.

இன்னொன்று. நூலுக்கு ஆகாத குற்றங்களாக நன்னூல் சொல்லும் பத்தில் 'கூறியது கூறல்' உண்டு. உங்கள் கைப்பேசி செய்வது அதையேதான். கேட்பவர் அதைக் குற்றமாகக் கொள்ளாமல் பொறுத்துக்கொள்வதற்குத்தான் நீங்கள் பெயர் தேடுகிறீர்கள் போலும்.

ஆவணம் எழுதுபவர்:

அம்மா, நீங்கள் வேடிக்கையாகச் சொன்னது எங்கள் அடுத்த பிழைக்கே பெயராகிவிட்டது. அதே பட்டியலில் 'மாறுகொளக் கூறல்' என்றும் ஒரு குற்றம் உண்டல்லவா?

அடையாளம் சேர்த்த பிறகும் இரட்டை ஆர்டர் வந்துகொண்டிருந்தது. தேடிப் பார்த்தால், ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் செயலி புது அடையாளத்தை உருவாக்கிக்கொண்டிருந்தது. சர்வருக்கு ஒவ்வொன்றும் புது ஆர்டராகவே தெரிந்தது. பிரதிநிதி 'சேமி' அழுத்தும் கணத்திலேயே அடையாளத்தை உருவாக்கி, கைப்பேசியின் தரவுத்தளத்தில் ஆர்டரும் அதுவும் ஒன்றாகவே எழுதப்படும்படி மாற்றினோம். செயலியை மூடித் திறந்தாலும் அடையாளம் மாறுவதில்லை.

அதன் பிறகு வந்தது மாறுகொளக் கூறல். ஆர்டர் சர்வருக்குப் போய்விட்டது, பதில் வரவில்லை. கைப்பேசியில் இன்னும் 'நிலுவை' என்றே இருந்ததால் பிரதிநிதி 12ஐ 15ஆகத் திருத்தினார். பழைய அடையாளத்தோடு புது அளவு போனது. சர்வரோ 'இது முன்பே வந்ததுதான்' என்று பழைய எண்ணையே திருப்பித் தந்தது. திரையில் 15, கிடங்கில் 12. இப்போது உள்ளடக்கத்தின் சுருக்கக் குறியையும் சர்வர் ஒப்பிடுகிறது. அடையாளம் ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் இருந்தால் 422 என்று மறுக்கிறது, செயலி அதைத் திருத்தக் கோரிக்கையாக மாற்றி அனுப்புகிறது.

சொல்லுக்கு வருகிறேன். 'ஒருவிளைவு' இனிமையாக இருந்தாலும், ஒரு செயலுக்கு ஒரே ஒரு விளைவுதான் உண்டு என்று பொருள்பட்டுவிடும். ஓர் ஆர்டரால் இருப்பும் மாறும், கடையின் கணக்கும் மாறும். ஆகவே இந்தப் பதிப்பில் 'மீள்விளைவிலா' என்றே எழுதி, முதலில் வரும் இடத்தில் மேலே சொன்ன 24 பெட்டிக் கதையைச் சேர்க்கிறேன். அடையாளத்துக்கு 'ஆர்டர் முத்திரை' என்று வைத்திருக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர்:

இப்போது விளங்கிற்று. ஆனால் முத்திரை என்றால் மேலே குத்துவது. நீங்கள் சொல்வது பிறக்கும்போதே உடன் வருவது. 'பிறவிக்குறி' சரிவருமா?

தமிழாசிரியர்:

பிறவிக்குறி என்றால் மச்சம் என்று சிரிப்பார்கள். யோசித்து எழுதுகிறேன்.